கைக்கு வந்தது 80 லட்சம்... வரி 1 கோடிக்கு! ஸ்டார்ட்அப் ஷேரை விற்கும் நிறுவனர்கள் கவனத்துக்கு!

திருச்சியில் நாலு இன்ஜினீயரிங் மாணவர்கள் டீக்கடையில் நின்று ஸ்டார்ட்அப் பற்றிப் பேசினால், ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெயர் வந்துவிடும். கிரீஷ் மாத்ருபூதம். திருச்சிக்காரர். 2010-ல் இவர் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஒரு ஷேர் 36 டாலர் என்ற விலையில் பட்டியலானது. ஷேர் வைத்திருந்த ஊழியர்கள் பலர் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்திகள் வந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. உலகமே பார்க்க நாஸ்டாக்கில் விற்று வாங்கப்படும் ஷேர், இந்திய வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்குப் 'பட்டியலிடப்படாத' ஷேர்தான். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தையில் இருந்தால் மட்டுமே அது பட்டியலிடப்பட்டது. ஆகவே, இங்கே வசிக்கும் ஒருவர் நாஸ்டாக் ஷேரை விற்றாலும், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஷேரை விற்றாலும், எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், எத்தனை சதவிகிதம் வரி என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான்.

நம்மூர் நிறுவனர்களில் பெரும்பாலானோர் பங்குச் சந்தை மணி அடிக்கப் போவதில்லை. கூட ஆரம்பித்த நண்பருக்கு விற்றுவிட்டு வெளியேறுவார்கள். அல்லது பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும். அப்படி விற்கும்போது இரண்டு இடங்களில் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று தேதி. இன்னொன்று விலை. இரண்டையும் ஓர் உதாரணக் கதையோடு பார்க்கலாம். கதை கற்பனை; கணக்கும் சட்டமும் நிஜம்.

மாடி அறையில் தொடங்கிய கம்பெனி

ஸ்ரீரங்கத்தில் இரண்டு நண்பர்கள். கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ்களுக்கு அறை பதிவு, பில் போடும் மென்பொருள் செய்து தரும் கம்பெனியை ஆரம்பிக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி ஆளுக்கு 10,000 ஷேர், ஒன்று 10 ரூபாய். அதாவது ஆளுக்கு 1 லட்சம் முதலீடு.

தொழில் மெதுவாக வளர்கிறது. 2021-ல் கம்பெனி பெயரில் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குகிறார்கள், 30 லட்சத்துக்கு. 2024 நவம்பர் 15 அன்று, பழைய லாபத்திலிருந்து ஒரு ஷேருக்கு ஒரு ஷேர் போனஸ் கொடுத்துக்கொள்கிறார்கள். இப்போது ஆளுக்கு 20,000 ஷேர். கம்பெனியில் மொத்தம் 40,000.

2025 ஆகஸ்டில் ஒருவருக்கு பெங்களூருவில் நல்ல வேலை கிடைக்கிறது. சம்பளம், வரிக்கு உட்பட்ட தொகையாகவே 24 லட்சத்தைத் தாண்டுகிறது. அப்பாவின் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நண்பரிடம் பேசுகிறார். கம்பெனிக் கணக்குப் புத்தகப்படி ஒரு ஷேரின் மதிப்பு 250 ரூபாய். 'நீ ராப்பகலா உழைச்சிருக்கே, 400 வெச்சுக்கோ' என்கிறார் நண்பர். 20,000 ஷேர், 80 லட்சம். இருவருக்கும் திருப்தி. கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் ஆடிட்டரிடம் போகிறார். போக வேண்டிய வரிசையே தலைகீழ்.

முதல் வழுக்கல்: போனஸ் ஷேருக்குத் தனி பிறந்தநாள்

'ஆறு வருஷமா வெச்சிருக்கேன் சார். நீண்டகால மூலதன ஆதாயம்தானே? 12.5 சதவிகிதம்தானே?' என்று கேட்கிறார் நம்மவர்.

பாதி சரி. பட்டியலிடப்படாத ஷேரை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கான வரி 12.5 சதவிகிதம். அதற்கு முன்பு 20 சதவிகிதம். ஆனால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் 'இண்டெக்சேஷன்' சலுகை இருந்தது. இப்போது அது இல்லை. 10 ரூபாய்க்கு ஷேர் வாங்கிய நிறுவனருக்கு இந்தச் சலுகை போனதில் பெரிய நஷ்டம் எதுவும் கிடையாது. 10 ரூபாயை உயர்த்தினாலும் சில ரூபாய்தான் கூடும். விகிதம் குறைந்ததுதான் அவருக்கு லாபம்.

24 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். அதற்குத் தனி விகிதம் கிடையாது. சம்பளத்தோடு சேர்ந்து, அவரவர் வருமான அடுக்குக்கான வரி. புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவிகிதம்.

சிக்கல் போனஸ் ஷேரில் இருக்கிறது. 'பழைய ஷேருக்காகக் கிடைத்ததுதானே, அதே வயதுதானே' என்று நாம் நினைப்போம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. போனஸ் ஷேரின் வயது, அது ஒதுக்கப்பட்ட நாளில் இருந்துதான் ஆரம்பம். அதை வாங்கிய விலை பூஜ்யம். ஆக, இவரிடம் இருக்கும் 20,000 ஷேரில் 10,000 ஷேருக்கு ஆறு வயது. மீதி 10,000 ஷேருக்கு ஒன்பது மாதம்தான். அந்தப் பாதிக்கு வரும் பணம் முழுவதும் 30 சதவிகித வரிக்குள் போகிறது.

போனஸ் தருவதற்குப் பதிலாக, 10 ரூபாய் ஷேரை இரண்டு 5 ரூபாய் ஷேராக உடைத்திருந்தால் இந்தப் பிரச்னையே வந்திருக்காது. உடைத்த ஷேருக்குப் பழைய ஷேரின் தேதியே தொடரும். பழைய விலையும் இரண்டாகப் பிரிந்து வரும். போனஸா, பிரிப்பா என்று தீர்மானம் போடும் நாளில் யாரும் வரியை யோசிப்பதில்லை. அந்த ஒரு தீர்மானத்தின் விலை பின்னால் தெரிகிறது.

அதேபோல, கம்பெனி ஆரம்பித்த பிறகு உரிமைப் பங்காகவோ, ஊழியர் பங்குத் திட்டத்திலோ வாங்கிய ஷேர்களுக்கும் அவரவர் பெயருக்கு ஒதுக்கிய தேதிதான் கணக்கு. 'கம்பெனிக்கு எத்தனை வயது' என்பது இங்கே பொருட்டே இல்லை. ஒவ்வொரு தடவை ஷேர் ஒதுக்கும்போதும் கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் தேதி எழுதப்படும். விற்பதற்கு முன்பு முதலில் பார்க்க வேண்டிய ஆவணம் அதுதான்.

இரண்டாவது வழுக்கல்: 30 லட்சம் மனை, 1.30 கோடி ஆன கதை

அடுத்து ஆடிட்டர் கேட்கும் கேள்வி நம்மவரைக் குழப்புகிறது. 'கம்பெனி பேர்ல நிலம், கட்டடம் ஏதாவது இருக்கா தம்பி?'

ஷேர் விற்பதற்கும் மனைக்கும் என்ன சம்பந்தம்? வருமான வரிச் சட்டத்தின் 50சிஏ பிரிவுதான் சம்பந்தம். சந்தையில் விலை பேசப்படாத ஷேரை, அதன் 'நியாயமான சந்தை மதிப்பை' விடக் குறைத்து விற்றால், கைக்கு வந்த பணத்தை விட்டுவிட்டு அந்த மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்வார்கள். கறுப்புப் பணம் கை மாறுவதைத் தடுக்க வந்த பிரிவு இது. ஆனால், நேர்மையாக நட்பு விலைக்கு விற்றவரையும் இது விட்டு வைப்பதில்லை.

அந்த மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று விதியே சொல்லித் தருகிறது. கம்பெனியின் சொத்துகளைக் கணக்குப் புத்தக மதிப்பில் கூட்டுங்கள். ஆனால், நிலம், கட்டடத்துக்கு மட்டும் புத்தக மதிப்பு கூடாது. பத்திரப் பதிவுக்கு அரசு எடுத்துக்கொள்ளும் மதிப்பைப் போட வேண்டும். நம்மூரில் 'கைடுலைன் வேல்யூ' என்று சொல்கிறோமே, அது. நகை, ஓவியம் போன்றவை இருந்தால் சந்தை விலை. இந்தக் கூட்டலில் இருந்து கம்பெனியின் கடன்களைக் கழித்து, ஷேர்களுக்குப் பங்கிட்டால் ஒரு ஷேரின் மதிப்பு கிடைக்கும்.

நம் நண்பர்களின் கம்பெனிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். வங்கி இருப்பு, வர வேண்டிய பாக்கி, கணினிகள் எல்லாம் சேர்த்து 1.10 கோடி. மனை, புத்தகத்தில் 30 லட்சம். கடன்கள் 40 லட்சம். நண்பர்கள் போட்ட கணக்கில் நிகர மதிப்பு 1 கோடி. 40,000 ஷேருக்கு வகுத்தால் 250 ரூபாய். 400-க்கு விற்றது தாராளம் என்றே தோன்றும்.

இப்போது மனையின் வழிகாட்டி மதிப்பைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் தேடுகிறார் ஆடிட்டர். நாலு வருடத்தில் பக்கத்தில் நகர்கள் முளைத்து, மதிப்பு 1.30 கோடி ஆகியிருக்கிறது. 1.10 கோடியோடு 1.30 கோடி, கழித்தல் 40 லட்சம். நிகர மதிப்பு 2 கோடி. ஒரு ஷேர் 500 ரூபாய்!

400 ரூபாய்க்கு விற்றவர், 500 ரூபாய்க்கு விற்றதாகத்தான் வரித்துறை பார்க்கும். 20,000 ஷேருக்கு 1 கோடி. கைக்கு வந்ததோ 80 லட்சம்.

வீடோ, மனையோ நேரடியாக விற்றால், வழிகாட்டி மதிப்புக்கும் விலைக்கும் 10 சதவிகிதம் வரை வித்தியாசம் இருந்தாலும் விட்டுவிடுகிறார்கள். மதிப்பு அதிகம் என்று தோன்றினால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேட்கவும் வழி உண்டு. ஷேருக்கான 50சிஏ பிரிவில் இந்த இரண்டு ஆறுதலும் கிடையாது. ஒரு ரூபாய் குறைந்தாலும் குறைவுதான்.

இன்னொரு நுணுக்கம். இந்தக் கணக்குக்கு மார்ச் 31-ம் தேதி இருப்புநிலைக் குறிப்பு போதாது. ஷேர் கை மாறும் நாளன்று எடுத்து, கம்பெனியின் ஆடிட்டர் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு வேண்டும் என்கிறது விதி. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வந்த லாபமும் மதிப்பில் சேர்ந்துவிடும் என்று அர்த்தம்.

ஒரே 20 லட்சத்துக்கு இரண்டு வரி

மொத்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். எளிமைக்காக சர்சார்ஜையும், 4 சதவிகித செஸ்ஸையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

பழைய 10,000 ஷேர்: விற்பனை மதிப்பு 50 லட்சம், வாங்கிய விலை 1 லட்சம். ஆதாயம் 49 லட்சம். 12.5 சதவிகிதத்தில் வரி 6,12,500 ரூபாய்.

போனஸ் 10,000 ஷேர்: விற்பனை மதிப்பு 50 லட்சம், வாங்கிய விலை பூஜ்யம். ஆதாயம் 50 லட்சம். 30 சதவிகிதத்தில் வரி 15 லட்சம்.

இரண்டும் சேர்ந்து 21,12,500 ரூபாய். வருட வருமானம் 1 கோடியைத் தாண்டிவிட்டதால் இந்த வரியின் மேல் 15 சதவிகித சர்சார்ஜும், அதற்கு மேல் செஸ்ஸும் ஏறும். 80 லட்சத்தில் வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டவரின் கையில் 55 லட்சம்கூட மிஞ்சாது.

கதை இத்துடன் முடியவில்லை. வாங்கிய நண்பர் 500 ரூபாய் ஷேரை 400-க்கு வாங்கியிருக்கிறார் அல்லவா? மதிப்பை விடக் குறைத்து வாங்கி, வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த வித்தியாசம் முழுவதும் வாங்கியவரின் வருமானம் என்கிறது 56(2)(எக்ஸ்) பிரிவு. இங்கே வித்தியாசம் 20 லட்சம். அவரும் 30 சதவிகித அடுக்கில் இருந்தால் 6 லட்சம் வரி. விற்றவர், தான் பார்த்தே இராத அதே 20 லட்சத்துக்காகக் கூடுதலாகக் கட்டுவது 4.25 லட்சம். ஆக, யார் கையிலும் புழங்காத 20 லட்சத்துக்காக இருவரும் சேர்ந்து 10.25 லட்சம் கட்டுகிறார்கள். வாங்கியவருக்கு ஒரே ஆறுதல், பிற்காலத்தில் அவர் விற்கும்போது வாங்கிய விலையை 400 என்றில்லாமல் 500 என்று காட்டிக்கொள்ளலாம்.

வாங்கியவர் நண்பராக இல்லாமல் கூடப் பிறந்த தம்பியாக இருந்தால்? உறவினரிடமிருந்து பெற்றது என்பதால் தம்பிக்கு அந்த 56-ம் பிரிவு வரி கிடையாது. ஆனால், அண்ணனுக்கு 50சிஏ விலக்கு இல்லை. பணம் எதுவும் வாங்காமல் தானமாக எழுதித் தந்திருந்தால் மட்டுமே அது விற்பனையே ஆகாது.

'இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது' என்று இருந்துவிட முடியுமா? முடியாது. வருமான வரிப் படிவத்தின் மூலதன ஆதாயப் பகுதியிலேயே, பட்டியலிடப்படாத ஷேர் விற்றவர் வாங்கிய பணம் எவ்வளவு, விதிப்படி நியாயமான சந்தை மதிப்பு எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கில் ஏறும். பட்டியலிடப்படாத ஷேர் வைத்திருந்தாலே ஐ.டி.ஆர்-1 போட முடியாது, ஐ.டி.ஆர்-2 அல்லது 3-ல், வருட ஆரம்பத்தில் எத்தனை ஷேர், நடுவில் எத்தனை விற்றது என்ற விவரமும் கொடுக்க வேண்டும்.

முதலீட்டாளர் சொன்ன மதிப்பு வேறு... இந்த மதிப்பு வேறு!

'எங்க கம்பெனிக்கு 20 கோடி வேல்யூவேஷன் போட்டாங்க, அந்த விலைக்குத்தான் விற்கணுமா?' என்று சில நிறுவனர்கள் பயப்படுவதுண்டு. தேவையில்லை. முதலீட்டாளர் எதிர்கால வருமானத்தை ஊகித்துப் போடும் மதிப்பு வேறு. 50சிஏ பார்ப்பது இன்றைய சொத்து மதிப்பை மட்டும். சொத்து குறைவாக, சாப்ட்வேரும் ஆட்களுமாக இருக்கும் கம்பெனிக்கு இந்தத் தரை விலை பெரும்பாலும் முதலீட்டாளர் விலையைவிட வெகு கீழேதான் இருக்கும்.

ஆனால், முதலீடு வந்த கையோடு விற்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதலீட்டாளர்கள் வழக்கமாக, பின்னால் சாதாரண ஷேராக மாறக்கூடிய முன்னுரிமைப் பங்குகளைத்தான் வாங்குவார்கள். முக மதிப்பு சில ரூபாய், மீதி எல்லாம் பிரீமியம். அந்தப் பணம் வங்கியில் ஏறியதும் கம்பெனியின் சொத்தாகிவிடும். பிரீமியம், விதியின் கணக்கில் கடனாகக் கழிக்கப்படாது. வகுக்கும்போது மட்டும் சாதாரண ஷேர்களால்தான் வகுப்பார்கள். முன்னுரிமைப் பங்குகள் சேராது. விளைவு, முதலீட்டாளர் போட்ட பணமும் நிறுவனரின் ஷேர் மதிப்பாகவே காட்சி தரும். பணம் வருவதற்கு முந்தைய மாதம் 500 ஆக இருந்த தரை விலை, அடுத்த மாதம் பல மடங்கு ஏறியிருக்கலாம். வெளியேறும் நிறுவனருக்கு அந்த ஒரு மாதம் முக்கியமானது.

இங்கே 'ஏஞ்சல் டேக்ஸ்' என்று ஒரு பெயர் அடிபடும். கம்பெனி புதிதாக ஷேர் கொடுத்து மதிப்புக்கு மேல் பணம் வாங்கினால், கம்பெனி மீது விழுந்த வரி அது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு, 'ஸ்டார்ட்அப்புக்கு இனி மதிப்பீட்டுத் தொல்லையே இல்லை' என்று நினைத்தவர்கள் உண்டு. நிறுவனர் தன் ஷேரை விற்கும்போது வரும் 50சிஏ பிரிவு நீக்கப்படவில்லை.

எப்படிச் செய்திருக்கலாம்?

நம்மவர் கைகுலுக்குவதற்கு முன்பு ஆடிட்டரைப் பார்த்திருந்தால்?

முதலில், 20,000 ஷேரையும் ஒரே நாளில் விற்றிருக்க வேண்டியதில்லை. பழைய 10,000 ஷேரை மட்டும் 2025 ஆகஸ்டில் விற்றிருக்கலாம். ஷேர் டீமேட்டில் இருந்தால், முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே, பாதி விற்றால் பழைய பாதிதான் போகும். காகிதச் சான்றிதழாக இருந்தால், எந்த எண்ணுள்ள சான்றிதழ் என்று பரிமாற்றப் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

போனஸ் பாதியை 2026 நவம்பர் 15-க்குப் பிறகு விற்கலாம். 24 மாதம் தாண்டியிருக்கும். 500 ரூபாய் விலை என்றே வைத்தாலும் வரி 15 லட்சத்துக்குப் பதில் 6.25 லட்சம். காத்திருந்ததற்குக் கூலி 8.75 லட்சம். ஆனால், அன்றைய தேதிக்கு மதிப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும். மனை விலை ஏறியிருந்தால் தரை விலையும் ஏறியிருக்கும். இன்னொன்று, இப்போதே முழு விற்பனைக்கும் ஒப்பந்தம் போட்டு, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, 'பாதியை அப்புறம் மாத்தித் தரேன்' என்றால் அது எடுபடாமல் போகலாம். நேரடியாக இருவருக்குள் நடக்கும் ஷேர் விற்பனையில், பின்னால் ஷேரும் கை மாறிவிட்டால், ஒப்பந்தத் தேதியையே விற்ற தேதியாக எடுத்துக்கொள்வது வரித்துறையின் 1995-ம் வருடச் சுற்றறிக்கையிலிருந்து வரும் வழக்கம்.

இரண்டாவது, வீடு. நீண்டகால ஆதாயமாக இருந்தால், 54எஃப் பிரிவு உதவிக்கு வரும். ஷேர் விற்ற பணம் முழுவதையும் இந்தியாவில் ஒரு வீடு கட்டவோ வாங்கவோ செலவிட்டால் ஆதாயத்துக்கு வரியே இல்லை; பாதி செலவிட்டால் பாதி ஆதாயத்துக்கு விலக்கு. உச்சவரம்பு 10 கோடி. வாங்குவதானால் விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, இரண்டு வருடத்துக்குள்ளோ. கட்டுவதானால் மூன்று வருடத்துக்குள். விற்ற நாளில் அவர் பெயரில் ஒன்றுக்கு மேல் வேறு வீடு இருக்கக் கூடாது. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் செலவாகாத பணத்தை, வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு ஒன்று தொடங்கிப் போட்டுவிட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு போய்விடும்.

இந்தச் சலுகை குறுகியகால ஆதாயத்துக்குக் கிடையாது. நம்மவர் போனஸ் ஷேரை அவசரப்பட்டு விற்றதில் இழந்தது 8.75 லட்சம் மட்டுமல்ல. அந்தப் பாதிக்கும் வீட்டின் பெயரில் விலக்குக் கேட்கும் வாய்ப்பையும் சேர்த்துத்தான். அப்பாவின் மனையில் கட்டும்போது ஒரு விஷயம்: பழைய வீட்டைப் பழுது பார்ப்பது இதில் சேராது, புதிதாகக் கட்ட வேண்டும். மனையும் வீடும் தன் பெயரில் இருப்பதே பாதுகாப்பு. அப்பா பெயரிலேயே இருந்தால் பின்னால் வாதாட வேண்டி வரும்.

மூன்றாவது, விலை. நண்பர்கள் 500 என்று முன்பே தெரிந்துகொண்டிருந்தால், அந்த விலைக்கே பேசி, மீதியைத் தவணையாகத் தர ஒப்புக்கொண்டிருக்கலாம். தவணையில் ஒரு கவனம் வேண்டும். தொகை நிச்சயமாகி, பணம் மட்டும் தாமதமாக வருவதானால், விற்ற வருடமே முழுத் தொகைக்கும் வரி. 'அடுத்த வருஷம் லாபம் இவ்வளவு வந்தால்தான் மீதி' என்று நிச்சயமில்லாத தொகையாக இருந்தால், அது உறுதியாகும்போதுதான் வரி என்று மும்பை உயர் நீதிமன்றம் 2016-ல் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பெரிய கம்பெனிக்கு விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'மூன்று வருடம் போட்டித் தொழில் செய்யக் கூடாது' என்பதற்காகத் தரும் பணம் ஷேர் விலையில் சேராது. அது தொழில் வருமானமாக, அடுக்கு விகிதத்தில் வரி கட்ட வேண்டியது.

கையெழுத்துக்கு முன்பு

ஆகவே, வெளியேறும் நிறுவனர் செய்ய வேண்டியது மூன்றே வேலைதான். உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, தன்னுடைய ஒவ்வொரு ஷேர் தொகுப்பும் எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது என்று எழுதிக்கொள்வது. கம்பெனி பெயரில் நிலம், கட்டடம் இருந்தால் அதன் வழிகாட்டி மதிப்பைப் பார்ப்பது. அதை வைத்து, விற்கப்போகும் நாளின் தரை விலையை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குவது. விற்ற பிறகு, ஆதாயம் வந்த காலாண்டில் இருந்தே முன்கூட்டிய வரி கட்ட ஆரம்பிக்க வேண்டும். மறுவருடம் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டி ஏறும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்தக் கட்டுரையில் இருப்பவை 1961-ம் வருடச் சட்டத்தின் எண்கள். எண் மாறினாலும், 24 மாதம், 12.5 சதவிகிதம், தரை விலை என்ற மூன்றும் மாறவில்லை.

கதையில் அந்த ஆடிட்டர் கடைசியாகச் சொல்வது இதுதான்: 'நட்பு விலைக்குக் கொடுக்கறது தப்பில்ல தம்பி. ஆனா, அந்த 100 ரூபாய்த் தள்ளுபடியில பாதிக்கு மேல உங்க நண்பருக்குப் போகலை. வரியாப் போயிடுச்சு.'